கடற்கரையில் யாரை அகற்றுவது

திருவிடந்தைக்கு அருகே ஒரு கடற்கரை விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பொன்னிக்கு. வரவேற்பு மேசைக்கு மாற்றச் சொல்லி அவள் கேட்டபோது, ஆங்கிலத் தேர்வில் தேறிவிட்டு வா என்றார் மேனேஜர். அதோடு பேச்சு முடிந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பொன்னி அந்த வாரமே செங்கல்பட்டில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டாள்.

எழுத்துத் தேர்வு அவளுக்குப் பயமில்லை. பேச்சுத் தேர்வுதான் இடித்தது. அதில் இரண்டு பேர் ஜோடியாக உட்கார்ந்து, கொடுக்கிற விஷயத்தைப் பற்றித் தங்களுக்குள் பேச வேண்டும்.

பயிற்சியாளர் லக்ஷ்மிநாராயணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "ஜோடி இன்னா சொன்னாலும் 'ஐ கம்ப்ளீட்லி அக்ரீ வித் யூ'ன்னு போடுங்க. மறுத்துப் பேசாதீங்க. புரியலைன்னு கேக்காதீங்க. மார்க்கு போயிடும்."

"புரியலைன்னா இன்னா சார் பண்றது?" என்று கேட்டாள் பொன்னி.

"புரிஞ்ச மாதிரி தலையாட்டும்மா."

"அத்த தான் ஓட்டல்ல தெனமும் பண்ணிக்கினு கீறேன் சார்."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஜோடியாக வந்தவன் கலையரசன். நிலபுலமும் லாரிகளும் உள்ள வீட்டுப் பிள்ளை. மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறவன். ஆங்கிலம் மடைதிறந்தாற்போல் வரும். "நான் பேசிக்கிறேன். நீ ஆமா போடு. ரெண்டு பேருக்கும் நல்லது" என்றான். "சரிங்க" என்றாள் பொன்னி. சொன்ன வாய் அவளுக்கே கசந்தது.

தேர்வு அறையில் இரண்டு தேர்வாளர்கள் இருந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டார்; மற்றவர் ஓர் அம்மாள், ஓரமாக உட்கார்ந்து பேசாமல் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். தனித்தனிக் கேள்விகள் முடிந்ததும் இருவர் முன்னாலும் ஒரு தாளை வைத்தார்கள். ஒரு கடற்கரை ஊருக்கு இன்னும் நிறையப் பேர் வர எதெது உதவும்? புது ஓட்டல்கள், நல்ல சாலை, இசை விழா, சாப்பாட்டுக் கடைகள், சுத்தமான கடற்கரை.

கலையரசன் உடனே ஆரம்பித்தான். கடற்கரை சுத்தமாக வேண்டும் என்றால் முதலில் அந்த லோக்கல் ஆட்களை அங்கிருந்து அகற்ற வேண்டும், குப்பையே அவர்களால்தான் என்று சரளமாகச் சொல்லி முடித்துவிட்டு, ஆமாம் போடு என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

பொன்னியின் அம்மா பார்வதம் கோவளம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கிறவள். மனப்பாடம் செய்த வரி பொன்னியின் தொண்டை வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"ஸாரி, வென் யூ சே லோக்கல்ஸ், ஹூ டூ யூ மீன்?"

கலையரசன் தடுமாறினான். அங்கே கடை போடுகிறவர்கள் என்றான்.

"டூ யூ மீன் ஆல் ஆஃப் தெம்?"

"வெல்... மோஸ்ட் ஆஃப் தெம்."

"ஐ சீ வாட் யூ மீன், பட் ஐயாம் நாட் ஷ்யூர் ஐ அக்ரீ." அதோடு நிறுத்தவில்லை. கடற்கரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஆட்களை அகற்றுவதில் இல்லை என்று உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் தெளிவாகச் சொன்னாள். குப்பைத்தொட்டியே வைக்காத இடத்தில் குப்பைக்கு யாரைக் குற்றம் சொல்வது? கடையே இல்லாத கரையில் வருகிறவர்கள் எங்கே சாப்பிடுவார்கள்? பிறகு அவன் பக்கம் திரும்பி, "வாட் டூ யூ திங்க்?" என்றாள்.

தயாரித்து வந்தது எதுவும் இப்போது அவனுக்குக் கைகொடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "தட்ஸ் எ ஃபேர் பாயிண்ட்" என்றான். ஆனால் கடைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றான். அவள் அதை ஒத்துக்கொண்டாள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அவன் சுத்தமான கடற்கரை என்றான், அவள் கடைகள் என்றாள். நேரம் முடிந்தது, ஒரு முடிவுக்கு வரவில்லை. தேர்வாளர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அது பொன்னிக்குச் சரியாகக் காதில் விழவில்லை. திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவரும் முகம் சுளிக்காமல் திரும்பக் கேட்டார்.

வெளியே வந்ததும் கலையரசன் பொரிந்தான். "இன்னா பொன்னி, என்ன கவுத்துட்டியே!"

"நீ சொன்னது எனக்கு ஒப்பல. ஒப்பலன்னு சொன்னேன். மரியாதயாத் தான சொன்னேன்?"

முதல் தடவையாக அவனை 'நீ' என்று சொல்லியிருந்தாள்.

நடந்ததைக் கேட்டு லக்ஷ்மிநாராயணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "சொன்னா கேட்டியா? ரெண்டு பேரும் காலி."

"காலின்னா காலி சார். எங்கம்மாவ குப்பைன்னதுக்கு ஆமா போட்டு வர்ற பாஸு எனக்கு வாணாம்."

சில வாரங்களில் முடிவு வந்தது. இருவருமே தேறியிருந்தார்கள். பொன்னிக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பேச்சில்தான் அதிக மதிப்பெண். மேனேஜர் சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வரவேற்பு மேசையைக் கொடுத்தார்.

அன்று மாலை கலையரசன் போன் செய்தான். "அங்க நம்ம பேச்சு நெஜமா நடந்துச்சில்ல, அதனால தான் எனக்கும் மார்க்கு வந்துது போல" என்றான். "ஆனா ஒண்ணு. நீ சொன்னத நான் இன்னும் முழுசா ஒத்துக்கல."

பொன்னி சிரித்தாள். "ஒத்துக்காத. வா, இன்னொரு நாளு சண்ட போடலாம்."