ஆஷா டீச்சர் போட்ட ஊசி

மதுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். வேலம்பாளையம் பள்ளியில் படிக்கும் மகள் சுபஸ்ரீயின் வகுப்பாசிரியை ஆஷாவிடம் ஒரு கடிதத்தையும் சிறிய பெட்டியையும் கொடுத்தாள். கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"வணக்கம் டீச்சர். சுபஸ்ரீக்குப் பிறந்ததிலிருந்தே அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்வதில்லை. உடம்புக்குத் தேவையான கார்டிசால் சுரக்காததால் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். மதிய மாத்திரை தவறக்கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், உடனே சொல்லுங்கள். மாத்திரை தங்காமல் வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, பலமாக அடிபட்டாலோ பெட்டியிலுள்ள ஹைட்ரோகார்டிசோன் ஊசியைத் தொடையில் போட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் போடுங்கள். அந்த ஓர் ஊசியால் கெடுதல் வராது. இவளுக்கு மூத்த பையனை வெறும் வாந்தி என்று நினைத்தே இழந்தோம். அவனுக்கும் இதுதான் இருந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்."

ஆஷா கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஊசியெல்லாம் என்னால முடியாதும்மா. எசகுபிசகா ஆயிட்டா?"

"எனக்குமே மொதல்ல பயமாத்தான் இருந்துச்சுங்க டீச்சர். நான் பழக்கித் தாறனுங்க."

டாக்டரின் சீட்டைப் பார்த்துத் தலைமையாசிரியர் அருள்செல்வன் சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை மதுமதி ஆஷாவுக்குச் சாத்துக்குடியில் ஊசி குத்திப் பழக்கினாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் மதிய மாத்திரையை விழுங்கியதுமே சுபஸ்ரீ வாந்தி எடுத்தாள். சற்று நேரத்தில் மறுபடியும். பிறகு மேசையில் தலை சாய்த்தாள். கூப்பிட்டால் "ம்" என்றாள், கண் திறக்கவில்லை. கைகள் சில்லிட்டு வியர்த்திருந்தன. மதுமதியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனியில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

"அஜீரணமா இருக்கும். அம்மா வரட்டுமே டீச்சர்," என்றார் அருள்செல்வன்.

ஆஷாவுக்கு அந்த மூத்த பையன் நினைவுக்கு வந்தான்.

"இல்ல சார், காத்திருக்கக் கூடாது. நீங்க 108-க்குப் போன் போடுங்க."

பெட்டியைத் திறந்தாள். குப்பியிலிருந்த மருந்துத்தூளில் அதனுடன் வந்த ஊசித் தண்ணீரைச் செலுத்திக் கலக்கி, டாக்டர் குறித்த அளவுக்கு உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கம் குத்தினாள். பிள்ளை அழவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஆம்புலன்ஸில் அவளும் ஏறினாள். மருத்துவமனையில் கடிதத்தையும் காலி மருந்துக்குப்பியையும் நீட்டினாள். அங்கிருந்த டாக்டர் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்து உடனே குளுக்கோஸும் சலைனும் ஏற்றினார். "சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு. ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு."

வேலை முடிந்து போனைப் பார்த்துவிட்டு மதுமதி ஓடிவந்தபோது மாலையாகிவிட்டது. சுபஸ்ரீ கண் விழித்து, "அம்மா, பசிக்குது" என்றாள். மதுமதி ஆஷாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்கம்மா," என்றாள் ஆஷா. அவள் கண்களும் நிறைந்திருந்தன. "நான் லீவு போடுற நாளும் வரும். அருள்செல்வன் சாருக்கும் பழக்கிக் குடுங்க."

"கட்டாயம் தாறனுங்க," என்றாள் மதுமதி.