எந்த வரி பொய்?

பாடியில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1991இல் வெள்ளி விழா கொண்டாடியது. பழைய ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடித்து, ஓய்வு கொடுத்த இயந்திரங்களை வரிசையாக நிற்க வைத்து, வாசலில் ‘அருங்காட்சியகம்’ என்று பலகை மாட்டினார்கள். விழா வாரத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்று ஏற்பாடு. இயந்திரங்களுக்கு விளக்கப் பலகை எழுதும் வேலை பயிற்சிப் பள்ளியின் நூலகரான ஹில்டாவுக்கு வந்தது. அவள் தற்காலிக ஊழியர். ஆண்டுக்கொரு முறை கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற வேலை.

கதவுக்கு நேரே நின்ற பெரிய பவர் பிரஸ்ஸில் ஏற்கெனவே ஓர் அட்டை தொங்கியது. “விசை அழுத்தி இயந்திரம். திறன் 40 டன். நிறுவிய ஆண்டு 1966. உபயம்: இரண்டாம் பிரிவு.” டார்ச் லைட் மூடி அடித்த பிரஸ். ஹில்டா ஓரமாக நின்று, கேன்டீனுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பவர்களைக் கவனித்தாள். ஒருவரும் மூன்று நொடிக்கு மேல் நிற்கவில்லை.

“உபயம்னு போட்டா கோயில் டியூப் லைட்டுன்னு நினைச்சிக்கினு போறாங்க மேடம்” என்றார் வேம்புலி.

வேம்புலிதான் அந்த அறைக்கு அட்டெண்டர். தூசி தட்டுவார், பூட்டுவார், திறப்பார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் இதே பிரஸ்ஸில் போனவை என்பது தொழிற்சாலைக்கே தெரியும்.

“இது எப்படி ஓடும், சொல்லுங்க” என்று கேட்டாள் ஹில்டா. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அவளுக்கு ஒரு வரிகூட எழுத வராது.

வேம்புலி உற்சாகமாகிவிட்டார். பக்கத்துப் பெரிய சக்கரத்தைத் தட்டிக் காட்டினார். அது எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலடியில் உள்ள பெடலை மிதித்தால் ஒரு தாழ்ப்பாள் விலகும். உடனே ஒரு சாவிக்கட்டை சக்கரத்தையும் அச்சுத் தண்டையும் பூட்டிவிடும். ராம் என்கிற இரும்புக் கட்டை தடாலென்று இறங்கித் தகட்டை அடித்து ஏறும். அதற்குள் காலை எடுத்திருந்தால், சுருள்வில் தாழ்ப்பாளைப் பழைய இடத்துக்குத் தள்ளும். தாழ்ப்பாள் சாவிக்கட்டையைத் திருப்பிப் பூட்டை விடுவிக்கும். ராம் மேலேயே நிற்கும்.

“காலை எடுக்கலன்னா?”

“ரிப்பீட்டு அடிக்கும். இன்னொரு வாட்டி இறங்கும்.” அவர் பெடலைக் காட்டினார். “நான் காலை எடுத்துட்டேன் மேடம். அதுவா எறங்குச்சு. என்கொய்ரில தூக்கக் கலக்கத்துல காலை எடுக்கலன்னு எழுதிட்டாங்கோ. எங்க ஏரியால அதுக்குப் பேரு குடிச்சிட்டு வேலைக்குப் போனான். எம்பொண்ணு தாயம்மா எட்டாவது படிக்குது. அதுவும் அப்டிதான் கேட்டு வளர்ந்துகீது. அது படிக்கிற முத்தாபுதுப்பேட்டை ஸ்கூலும் வருதாம்ல, அதுங்கூட வரும். உள்ளது உள்ளபடி நீங்க எழுதினா அது படிக்கும்.”

வேம்புலி சொன்னார் என்பதற்காக எழுதிவிட முடியுமா? ஹில்டா பராமரிப்புப் பதிவேடுகளைத் தேடினாள். இரண்டு நாள் தூசி குடித்த பிறகு 1979 மார்ச் 6ஆம் தேதிப் பக்கம் கிடைத்தது. காலை ஷிப்டில் விபத்து. அன்று மதியம் ஃபிட்டர் துலுக்கானம் எழுதியிருந்தார்: “பெடலை விட்டும் ரிப்பீட் ஆகிறது. தாழ்ப்பாள் சுருள்வில் உடைந்துள்ளது. புதிது மாற்றினேன்.” விசாரணை நடத்தியவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை.

அவள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். டைப் செய்த தாளைப் பிரஸ்ஸில் ஒட்டி, ஆட்கள் எந்த வரியில் கண்ணை எடுக்கிறார்கள் என்று பார்த்தாள். சாவிக்கட்டையை விளக்கிய வரியில் எல்லாருமே நழுவினார்கள். அதைத் தூக்கினாள். கடைசியில் நின்றது இது:

“‘ஆயிரத்து ஒன்று’ என்று சொல்லுங்கள். அதற்குள் இந்த ராம் நாற்பது டன் விசையோடு இறங்கி, ஏறியும் விடும். கிளம்பிய பிறகு பாதியில் நிறுத்த முடியாது. பெடலிலிருந்து காலை எடுக்காவிட்டால் மறுபடி இறங்கும். காலை எடுத்திருந்தும் ஒரு நாள் இறங்கியது: தாழ்ப்பாளின் சுருள்வில் உடைந்திருந்தது. 1979 மார்ச் 6 அன்று ஒரு தொழிலாளி இங்கே மூன்று விரல்களை இழந்தார்.”

கேன்டீன் குப்பம்மா டீத் தூக்கோடு நின்று, கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துவிட்டு, “அட பாவிங்களா” என்றாள். வேம்புலி இரண்டு முறை படித்தார். அன்று அவர் பிரஸ்ஸை எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

வொர்க்ஸ் மேனேஜர் ஜெயராமன் தாளை வாங்கிப் பார்த்தார். “ஆயிரத்து ஒன்று” என்று சொல்லி, ஒரு நொடிதான் ஆகிறது என்று பார்த்துச் சிரித்தார்.

“பிரமாதம் ஹில்டா. ஆனா கொஞ்சம் நீளம். ஒரு பலகைக்கு முப்பத்தஞ்சு வார்த்தைதான், அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்கன்னு குறிப்பு அனுப்பினது நீங்கதானே?”

“இது ஒண்ணு மட்டும் கொஞ்சம் கூடட்டும் சார்.”

“உங்க சட்டத்தை நீங்களே மீறலாமா?” பேனாவை எடுத்து, சுருள்வில் இருந்த வரியை மட்டும் ஸ்கேல் வைத்து அடித்தார். “பாருங்க, இப்ப சரியா இருக்கு.”

ஹில்டா மிச்சத்தைப் படித்தாள். காலை எடுக்காவிட்டால் மறுபடி இறங்கும். ஒரு தொழிலாளி மூன்று விரல்களை இழந்தார். நடுவில் ஒன்றும் இல்லை.

“சார், இதைப் படிச்சா அவர்தான் காலை எடுக்கலன்னு ஆகும். வேணும்னா முதல் ரெண்டு வரியை எடுத்துடலாம்.”

“முதல் வரிதாம்மா ஆளை நிறுத்துதுன்னு நீங்கதான் சொன்னீங்க. சரி, எந்த வரி பொய்? காட்டுங்க, மாத்திடறேன்.”

அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். நாற்பது டன் சரி. பாதியில் நிறுத்த முடியாது, சரி. பெடல் சரி. தேதி சரி. விரல் மூன்று, அதுவும் சரி.

“பதிவேட்டுல இருக்கு சார், சுருள்வில்…”

“அந்தப் பதிவேடு என் ரூம்ல இருக்கட்டும், அனுப்பிடுங்க.” அவர் குரல் உயரவே இல்லை. “உங்க ரென்யூவல் பேப்பரும் மேஜை மேலதான் இருக்கு. ரெண்டையும் இன்னிக்கே முடிச்சிடலாம்.”

தாளின் அடியில் ‘தகவல்கள் சரிபார்க்கப்பட்டன’ என்று அச்சடித்த கோடு இருந்தது. ஹில்டா கையெழுத்துப் போட்டாள்.

பலகை எழுதுகிறவர் கறுப்புப் பெயின்டில் அழகாக எழுதினார். வரிக்கு வரி நல்ல இடைவெளி. பலகையை மாட்டியபோது ஏணியைப் பிடித்தவர் வேம்புலி. மாட்டி முடிந்ததும் உதடு அசையப் படித்தார். திரும்பி ஹில்டாவைப் பார்த்தார். அவள் அடுத்த இயந்திரத்தின் அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை முத்தாபுதுப்பேட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். ஜெயராமனே வரவேற்றார். “வேம்புலி, பிரஸ் பக்கத்துல நில்லுப்பா. பிள்ளைங்களுக்குக் கையைக் காட்டு. பத்திரம்னா என்னன்னு புரியட்டும்.”

வேம்புலி நின்றார். கையை நீட்டினார். பிள்ளைகள் “ஆயிரத்து ஒன்று” என்று ஒரே குரலில் கத்தினார்கள். பிறகு அமைதியாகக் கடைசி வரி வரை படித்தார்கள். ஒருவர்கூட நடுவில் நழுவவில்லை.

“இன்னா நைனா, காலை எடுக்க மறந்துட்டியா?” என்றான் ஒரு பையன். சிரிப்பு எழுந்தது. டீச்சர் அதட்டினார்.

தாயம்மா சிரிக்கவில்லை. கூட்டம் அடுத்திருந்த லேத் இயந்திரத்தின் பக்கம் நகர்ந்த பிறகும் பலகை முன்னாலேயே நின்றாள். பெடலைக் குனிந்து பார்த்தாள். அப்பாவின் காலைப் பார்த்தாள்.

“எடுத்திருக்கலாம்லப்பா” என்றாள் மெதுவாக. “ஒரு செகண்டுதானே.”

வேம்புலி பலகையை நிமிர்ந்து பார்த்தார். பலகையில் இருந்ததில் மறுத்துச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. மகள் போய்த் தோழிகளோடு சேர்ந்துகொண்டாள். யாரோ வேம்புலியைக் காட்டி அவள் காதில் ஏதோ கேட்டார்கள். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, பிரஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ஹில்டா கதவருகே இருந்தாள். வேம்புலி துணியை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

“நல்லா எழுதிகீறீங்க மேடம்” என்றார். “பன்னண்டு வருசமா நான் சொல்லிக்கினே கீறேன், அதுக்குப் புரியல. உங்களுது, படிச்ச உடனே புரிஞ்சிடுச்சி.”

அடுத்த பள்ளியின் வேன் வாசலில் வந்து நின்றது. ஜெயராமன் உள்ளேயிருந்து வேம்புலியைக் கூப்பிட்டார்.