வாய் நேராக இருந்த மீன்

மீன் குஞ்சு தரம் பிரிக்கிற வேலையில் எனக்குப் பத்தொன்பது வருஷம். பண்ணையில் என் பட்டப்பெயர் 'ஸ்கேன்'. வாளியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால், எத்தனை கட்லா, எத்தனை ரோகு, எத்தனை மிர்கால் என்று எண்ணாமலே சொல்வேன். அந்தப் பட்டப்பெயரை நான் மனசுக்குள் எவ்வளவு கொண்டாடினேன் என்பது எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரரை நான் ஊரைவிட்டு அனுப்பியதும் அந்தக் கொண்டாட்டத்தில்தான்.

பண்ணை என் அண்ணனுடையது. சினை மீனுக்கு ஊசி போட்டு, முட்டையைப் பிதுக்கி எடுத்து, ஆண் மீனின் விந்தைக் கலந்து பொரிக்க வைக்கிற அறை அவருடைய ராஜ்ஜியம். பொரித்த குஞ்சுகளைக் கொசுவலைத் துணியில் தைத்த வலைப்பெட்டிகளில் விட்டு, பிறகு சின்னக் குளங்களில் வளர்ப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. விரலளவு வந்ததும் பிரித்து விற்பனைக்குக் கொடுப்பது நான். மூன்று பேருக்கும் அவரவர் வேலை, ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைப்பதில்லை.

போன வருஷம், தரம் பிரிக்க என் கைக்கு வருமுன்பே கட்லா என்று பொடிக் குஞ்சாக வாங்கிப்போனவர்கள் வரிசையாக வந்து சத்தம் போட்டார்கள். கட்லாவுக்குத் துடுப்பு கருஞ்சாம்பலாக இருக்கும். இவர்கள் கொண்டுவந்த குஞ்சுகளுக்குத் துடுப்பு சிவந்திருந்தது. சிவந்த துடுப்பு ரோகுவுக்கு. "கட்லான்னு சொல்லி ரோகுவைத் தலையில கட்டிட்டீங்க" என்றார்கள். அண்ணன் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வலைப்பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல கட்டினது யாரு மாப்பிள்ளை? கிழிஞ்சிருந்ததா இல்லையா?"

"கிழியல மச்சான். நான் தினம் தடவிப் பார்த்தேன். ஒண்ணும் கலக்கல."

"அப்போ ரோகு என்ன, பறந்தா வந்துச்சு?"

வேலையாட்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாளியிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, துடுப்பை விரித்துக் காட்டி, "ரோகுதான். கலந்திருக்கு" என்றேன். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அது ரோகு மாதிரி இல்லையே, உடம்பைப் பாரு" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஸ்கேனுக்கே மீனைக் காட்டுகிறாரா? "தப்பு பண்ணினா ஒத்துக்கணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஒரு பையில் நாலு சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சண்டை போடவில்லை. இப்போது எங்கோ ஒரு ஐஸ் ஃபாக்டரியில் பெட்டி கழுவுகிறார். வாரத்துக்கு ஒரு தடவை பேசுவோம். உடம்பு எப்படி, மழை உண்டா, அவ்வளவுதான். தப்புச் செய்தவர்தானே முதலில் இறங்கி வரவேண்டும் என்று நான் விறைப்பாகவே இருந்தேன்.

போன வாரம் ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவர் ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். எதற்கெடுத்தாலும் 'ரைட்டு' என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அந்தப் பிரச்சினைக் குஞ்சுகளைத் திருப்பித் தராமல், போனது போகட்டும் என்று தன் குளத்திலேயே ரோகு, மிர்காலோடு சேர்த்து விட்டு வளர்த்தவர் அவர் ஒருவர்தான். வலை இழுத்து, நீலத் தார்ப்பாயில் மீனைக் கொட்டி, அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு உடனே போனும் போட்டார்.

"ரைட்டு, தங்கச்சி, போட்டோ வந்துச்சா? வியாபாரி இதைக் கட்லா இல்லேங்கறான். ரோகுவும் இல்லேங்கறான். என்ன மீனுன்னு நீயே சொல்லும்மா."

குவியலாகக் கிடக்கிற மீனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செத்த மீன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், வாய் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று தெரியாது. சாய்த்துப் படமெடுத்தால் ஒல்லி மீன்கூடக் குண்டாகத் தெரியும். வலையில் உரசினால் எந்த மீனின் துடுப்பும் ரத்தம் கட்டிச் சிவக்கும்.

"அண்ணே, நல்லா தண்ணி ஊத்திக் கழுவுங்க. வகைக்கு மூணு மீன், எல்லாத் தலையும் ஒரே பக்கம் இருக்கிற மாதிரி படுக்க வைங்க. வாயை விரலால மூடுங்க. துடுப்பை விரிச்சு விடுங்க. நேர் மேல நின்னு எடுங்க."

"கல்யாண போட்டோவுக்குக்கூட நான் இவ்வளவு நிக்கலம்மா. ரைட்டு."

இரண்டாவது படம் வந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரிசை மிர்கால். ஒல்லியாக நீண்ட உடம்பு, மொட்டை மூக்கு, அதற்கு அடியில் வாய். தரையை மேய்கிற மீனுக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டாவது வரிசை ரோகு. நடுத்தரமான உடம்பு, சின்ன வாய் லேசாகக் கீழே இறங்கி, உதட்டோரம் குஞ்சம் வைத்த மாதிரி, துடுப்பு சிவப்பு. இரண்டிலும் சந்தேகமில்லை.

மூன்றாவது வரிசையில்தான் கட்லா இருக்கவேண்டும். கட்லாவுக்குத் தலை பெரிது, கீழ்த்தாடை முன்னால் தள்ளி, வாய் மேல்நோக்கித் திறக்கும். நீர்மட்டத்தில் மேய்கிற மீன் அது. முதுகிலிருந்து வயிறுவரை அகலமான உடம்பு. இந்த மூன்று மீனுக்கும் உடம்பு அகலம்தான், ரோகுவைவிட நன்றாகவே அகலம். ஆனால் தலை அவ்வளவு பெரிதில்லை. துடுப்பு சிவப்பு, அதுவும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக. ரத்தம் கட்டிய சிவப்பு இல்லை. வாய் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மூடிய வாய் மூக்கு நுனியில் நேராக இருந்தது.

உடனே ரைட்டுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மேல் பார்த்த வாயும் கருப்புத் துடுப்புமா ஒரு மீனாவது இருக்கா? குவியல் முழுக்கத் தேடுங்க."

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். "ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் இந்தச் சிவப்பு ஜாதிதான். ரைட்டா?"

ரைட் இல்லை. வலை கிழிந்து குஞ்சு கலந்திருந்தால், குளத்தில் பாதி அசல் கட்லா இருக்கும், பாதி அசல் ரோகு இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளரும், ஒன்று இன்னொன்றாக மாறாது. பாதி இதுவும் பாதி அதுவுமாக ஒரே உடம்பில் வரவேண்டுமென்றால், கட்லா முட்டையில் ரோகுவின் விந்து கலந்திருக்க வேண்டும். அது வலைப்பெட்டியில் நடக்காது. பொரிப்பு அறையில், ஒரு தட்டில், ஒரு கையால் நடக்கவேண்டும். அந்த அறைக்குள் என் வீட்டுக்காரர் கால் வைத்ததே கிடையாது.

அண்ணனைத் தேடிப் போனேன். தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலையாட்களோடு நின்றுகொண்டிருந்தார். போனை நீட்டினேன். பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ரோகு நல்லா சதை பிடிச்சிருக்கு" என்றார்.

"வாயைப் பாருண்ணே."

"போட்டோவுல என்னம்மா தெரியும்."

"எனக்குத் தெரியுது. கட்லா முட்டையில எந்த ஆணைப் பிதுக்கின?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என் அண்ணன். ஆனால் அன்று நழுவ இடமில்லை. தலையைச் சொறிந்தார். அந்த வருஷம் ஆண் கட்லா எதிலும் விந்து இறங்கவில்லையாம். சினை மீனுக்கு ஊசி போட்டாயிற்று, முட்டை வந்துவிட்டது, விட்டால் அத்தனையும் வீண். அதனால் கைக்குக் கிடைத்த ரோகு ஆணைப் பிதுக்கிவிட்டாராம். சொல்லும்போது குரலில் குற்ற உணர்வு இல்லை, சலிப்புதான் இருந்தது.

"அப்புறம் ஏன் அவர் மேல போட்ட?"

"பொரிப்பகத்துல கலப்படம்னு வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். வலை கிழிஞ்சதுன்னா வெறும் கவனக்குறைவு. மாப்பிள்ளை வாயில்லாப் பூச்சி, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு சரியாயிடுவாருன்னு நினைச்சேன். அவர் போவாருன்னு நான் கண்டேனா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் வலை கிழிஞ்சிருந்துச்சான்னு கேட்கத்தானே செஞ்சேன். மீனைத் தூக்கிக் காட்டி ரோகுன்னு சொன்னது யாரு?" என்றார்.

பக்கத்தில் வாளி தூக்குகிற அக்கா தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அண்ணன் ரோகு ஆணைத் தூக்கிட்டு உள்ள போனதை நாங்க பார்த்தோம்மா."

"பார்த்துட்டு ஏன்க்கா சொல்லல?"

"கட்டினவ நீயே அவர்தான் தப்புன்னு அடிச்சு சொல்ற. நீ ஸ்கேன். நாங்க வாளி தூக்கறவங்க. எங்களை யாரு கேட்டா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அண்ணன்தான். ஆனால் அந்தச் சோற்றை எல்லாருக்கும் என் கையால்தான் பரிமாறியிருக்கிறேன். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான், அதுவும் எல்லாம் தெரிந்தவள் என்ற பெயரோடு.

அண்ணன் கடைசியில், "வரச் சொல்லும்மா. எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன், தப்பு என்னோடதுன்னு" என்றார். அதை அவர் வாயால் இன்னொரு தடவை சொல்ல வைத்துவிட்டு, வெளியே வந்து, குளக்கரையில் நின்று போன் போட்டேன். பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தத்தோடு என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"என்ன, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"என்னங்க, ஒரு போட்டோ வந்துச்சு" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். வாய், உடம்பு, துடுப்பு, அண்ணன் ஒத்துக்கொண்டது எல்லாம். "உங்க மேல தப்பே இல்லைங்க. அண்ணன் எல்லார் முன்னாடியும் சொல்றேங்கறாரு. கிளம்பி வாங்க."

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கண்டக்டரும் மத்தவங்க மாதிரி குஞ்சைத் திருப்பிக் கொடுத்திருந்தா?"

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "என்னங்க?" என்றேன்.

"போட்டோ வந்திருக்காது. நான் தப்புப் பண்ணினவனாவே செத்துப் போயிருப்பேன். உன்கூடப் பதினாறு வருஷம் இருந்தவன் நான். ஒண்ணும் கலக்கலன்னு சொன்னேன். அது உனக்குப் பத்தல." குரல் உயரவே இல்லை. "மச்சான் பண்ணினதை நான் எப்பவோ விட்டுட்டேன். அவர் பண்ணை, அவர் பயம். ஆனா அங்க வந்தா, நாளைக்கு வேற ஒண்ணு நடக்கும். அப்பவும் என்னை நம்பறதுக்கு நீ ஒரு போட்டோ தேடணும். என்னால முடியாது."

"இனிமே அப்படி இருக்க மாட்டேங்க."

"சரி" என்றார். வருகிறேன் என்கிற சரி இல்லை அது. பேச்சை முடிக்கிற சரி. அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். ஐஸ் உடைக்கிற சத்தம் நின்று, யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"மணி மூணாகுது. சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. "சாப்பிட்டேன்" என்றேன்.

"நல்லது" என்று போனை வைத்தார். நான் சொன்னதை அப்படியே நம்பினார்.