கேட்டுக்கு அந்தப்பக்கம்

நஷ்டம் தாங்காமல் டெலிவரியை ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிடப் போவதாக மாமனார் அய்யாதுரை சொன்னபோது, பிரீத்திக்கு வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. காலையிலிருந்து போன் ஓயாமல் அடிக்கிறது. சிவகாசியில் அவர்கள் பேக்கரிக்கு இப்படி போன் அடித்ததே இல்லை. அப்படியிருக்க நஷ்டம் எங்கிருந்து வருகிறது?

"எங்கிருந்து வருதுன்னு எனக்கும் தெரியலம்மா. வருது, அம்புட்டுதான்," என்றார் மாமனார். "பெட்ரோல் அம்பது ரூபாயைத் தொடுது. நாலு மாசம் பாத்தாச்சு."

2007-ஆம் வருஷம் அது. 'போன் செய்யுங்கள், ஐந்து கிலோமீட்டருக்குள் வீட்டுக்கே இலவசமாக வரும்' என்று கடை முன்னால் போர்டு வைத்தது பிரீத்தியின் யோசனை. அதற்காக ஒரு பழைய டிவிஎஸ் வண்டி வாங்கி, சங்கிலிமுத்துவை வேலைக்கு வைத்தார்கள். நாற்பது வயது மனிதர். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி முதுகு போனதால் வண்டி ஓட்ட வந்தவர்.

"ஒரு வாரம் குடுங்க மாமா. நான் பாக்குறேன்," என்றாள்.

மறுநாளிலிருந்து சங்கிலிமுத்து கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் துண்டுச்சீட்டில் எழுதினாள். மூன்றாம் நாள் சீட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. திருத்தங்கல் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய்வர இருபத்தைந்து நிமிஷம். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு தெருவுக்கு ஐம்பது நிமிஷம். அந்தத் தெருவுக்கு ஒரு நாளில் மூன்று தடவை போயிருக்கிறார். மூன்று தடவையும் ஒரே ஒரு பிரெட், பத்து ரூபாய்.

அய்யாதுரை சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். "எங்கயோ வண்டிய நிறுத்திட்டு டீ குடிக்கான். வேறென்ன?"

இருக்கலாம். ஆனால் மூன்று தடவையும் அதே தெருவில் ஏன் குடிக்க வேண்டும்? மறுநாள் பதினொரு மணிக்கு அந்தத் தெருவிலிருந்து போன் வந்ததும், பிரீத்தி தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எனக்கு முன்னால போங்கண்ணே. நான் பின்னாலயே வாரேன்."

சங்கிலிமுத்துவின் முகம் சுருங்கியது. "என் மேல சந்தேகமாம்மா?"

"சந்தேகம் இல்லண்ணே. வழி தெரியணும்."

வழி மூடியிருந்த ரயில்வே கேட்டில் நின்றது. லாரிகள், பஸ், தலையில் சுமையோடு ஆட்கள், கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையும் சைக்கிள்கள். ரயில் வரப் பத்து நிமிஷம் ஆனது. ரயில் போய், கேட் திறந்த பிறகும், இரண்டு பக்கத்து லாரிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதில் இன்னும் எட்டு நிமிஷம். திரும்பி வரும்போதும் இதே கேட்டைத் தாண்ட வேண்டும். போர்டில் ஐந்து கிலோமீட்டர் என்று எழுதும்போது வரைபடத்தில் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது அவளுக்கு நினைவு வந்தது. அந்த வட்டத்தில் தண்டவாளம் இல்லை.

தெருக்கோடியில் ஒரு வீட்டு முற்றத்தில் ஆறு பெண்கள் பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசைக் கையோடு எழுந்து வந்தவள் வேலுத்தாய். பிரெட்டை வாங்கிக்கொண்டு, யாரிந்தப் பெண் என்று சங்கிலிமுத்துவைப் பார்த்தாள்.

"பேக்கரிக்காரவுக வீட்டுப் பொண்ணு," என்றார் அவர்.

"வாங்க தாயி, உக்காருங்க. என்ன இம்புட்டு தூரம்?"

பிரீத்தி உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும்க்கா. ஒரே தெருவுல மூணு தடவ போன் பண்ணி மூணு பிரெட் வாங்குறீகளே. ஒரே தடவையா வாங்கிட்டா என்ன?"

வேலுத்தாய்க்குக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "எதுக்கு? எப்பக் கூப்புட்டாலும் வருதுல்ல. காலையில வாங்கி வச்சா சாயங்காலம் காஞ்சு போகும். தெரு முக்குல ஒத்த ரூபா போன் இருக்கு. ஒரு ரூபா போட்டா சூடா வருது. கேட்டைத் தாண்டி நாங்க கடைக்கு நடந்தா, போக வர ஒரு மணி நேரம். அந்த நேரத்துல எம்புட்டு பெட்டி ஒட்டலாம்?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரீத்தியும் சிரித்தாள். அவர்கள் செய்வதில் ஒரு தப்பும் இல்லை. போர்டு சொன்னதைத்தான் செய்கிறார்கள்.

"ஒரு போனுக்குக் கொஞ்சமாச்சும் சேத்துத்தான் வாங்கணும்னு வச்சா, வாங்குவீகளா?"

"தெருவையே கேட்டுட்டு நானே போன் போடுறேன். ஆனா நேரம் சொல்லணும். சொன்ன நேரத்துக்கு வரணும்."

அன்று மத்தியானம் அவள் மாமனார் எதிரில் உட்கார்ந்து கணக்கைச் சொன்னாள். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு நடை. சங்கிலிமுத்துவின் கூலி நூறு, பெட்ரோல் நாற்பத்தைந்து, டயர், ஆயில் தேய்மானம் ஒன்பது. ஒரு நடைக்கு ஏழு ரூபாய் ஆகிறது. சரக்கில் நூற்றுக்கு இருபதுதான் லாபம். பத்து ரூபாய் பிரெட்டில் கிடைப்பது இரண்டு ரூபாய். ஏழு ரூபாய் செலவழித்து இரண்டு ரூபாய் வாங்கி வருகிறோம்.

"அப்ப முப்பத்தஞ்சு ரூபாய்க்குக் குறையாம வாங்கணும்னு போட்டுறலாம் மாமா. முப்பத்தஞ்சுல லாபம் ஏழு. சரியாப் போகும்."

அய்யாதுரை கணக்குச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கும் இப்போது ஆவல் வந்துவிட்டது. "குறைஞ்ச தொகைன்னு ஒண்ணு போட்டா நடை குறையும்ல? பதிமூணுக்கு வந்துருச்சுன்னு வையி. பெட்ரோல் குறையும். சங்கிலி கூலி குறையுமா?"

பிரீத்தி பேனாவைக் கீழே வைத்தாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. திரும்பக் கூட்டிப் பார்த்தாள். கூலி அதே நூறு, மற்றதெல்லாம் முப்பத்திரண்டு. பதிமூன்றால் வகுத்தால் நடைக்குப் பத்து ரூபாய்க்கு மேலே. முப்பத்தைந்து போதாது.

"அறுபது," என்றாள். "அறுபதுல பன்னெண்டு வரும்."

"ஜனங்க ஏத்துக்கிடுவாகளா?"

"தெரியல. பாப்போம்."

பழைய போர்டை அழித்தார்கள். கேட்டுக்கு இந்தப்பக்கம் மூன்று கிலோமீட்டர், குறைந்தது அறுபது ரூபாய். கேட்டுக்கு அந்தப்பக்கம் பத்தரைக்கும் மூன்றரைக்கும் மட்டும். அந்த இரண்டு நேரத்தையும் ரயில் நேரம் பார்த்துச் சொன்னது சங்கிலிமுத்து. நாலு மாதமாகக் கேட்டில் நின்றவருக்குத் தெரியாததா! இதுவரை அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் நன்றாக இல்லை. பக்கத்துத் தெரு வக்கீல் வீட்டம்மா, "ரெண்டு பன்னுக்கு அறுபது ரூபாயா?" என்று போனிலேயே சண்டை போட்டாள். அதோடு அவள் வாங்குவதையே நிறுத்தினாள். திருத்தங்கல் ரோட்டிலிருந்து தவறாமல் கூப்பிட்ட இரண்டு வீடுகளுக்கு, தூரம் என்று இல்லை சொல்ல வேண்டியதாயிற்று. நடை பதினொன்றுக்கு இறங்கியது. சங்கிலிமுத்து கடை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருப்பது அவருக்குப் பயமாக இருந்தது.

"என்னைய நிறுத்திருவீகளாம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"நிறுத்துனா மூணரைக்கு யாருண்ணே போவா?" என்றாள். ஆனால் அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

வேலுத்தாய் சொன்ன சொல் தப்பவில்லை. தினமும் மூன்று மணிக்கு அவளிடமிருந்து ஒரே போன். நாலு பிரெட், பத்து பன், அரைக் கிலோ ரஸ்க் என்று நூற்றிமுப்பது, நூற்றைம்பது ரூபாய்க்கு வரும். அதைக் கேள்விப்பட்டு அடுத்த தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே நடையில் இரண்டு தெரு. மூன்றாவது வாரம் அய்யாதுரை தானே கூட்டிப் பார்த்து, நஷ்டம் நின்றுவிட்டது என்று கண்டதும், சங்கிலிமுத்துவுக்கு ஒவ்வொரு நடைக்கும் ஒரு ரூபாய் மேலே கொடுக்கச் சொன்னார். டெலிவரியை நிறுத்தும் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

பிரீத்தி மட்டும் இன்னமும் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சீட்டுகளைப் புரட்டியபடி கேட்டாள்:

"மாமா, நம்ம பின்பக்கத் தெரு அரைக் கிலோமீட்டர்கூட இல்ல. முப்பது வீடு இருக்கு. ஒருத்தரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே, ஏன்?"

"நடந்தே வந்துருவாகம்மா."

"வரலையே. கடையிலயும் நான் பாத்ததில்ல."

பிரீத்தி ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.