மேற்குச் சுவரில் கொக்கி

விஜயசங்கருக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு வளர்ந்த மனுசனுக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும் சாமி, நன்றாகவே எரியும். அதிலும் ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை கவிழ்ந்துவிட்டு, சிவில் டிப்ளமோவோடு வீட்டு பிளான் வரைந்து காலத்தை ஓட்டிக்கொண்டு, அதே நுழைவுத் தேர்வுக்குத் தென்காசிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறவர் என்றால் எரியாமல் என்ன செய்யும்?

எழுதியவள் ஆசியா. வாப்பா ஷார்ஜாவில். உம்மா குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் நைட்டியும் துண்டும் விற்கிறாள். சீசன் வந்தால் பள்ளிக்கூடம் விட்டதும் ஆசியாவுக்கும் கடைதான். நுழைவுத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியாயிற்று. சென்னையில் ஒரு கல்லூரி அவளை அழைத்திருந்தது. ஆனால் முழுக் கட்டணச் சலுகையோடு ஒரே ஒரு இடம். அதற்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாதாரணக் கட்டடத்தையோ பொது இடத்தையோ கூர்ந்து கவனித்து, பார்த்ததை எழுது, கையால் ஒரு படமும் வரைந்து வை என்று. சலுகை இல்லையென்றால் ஆசியா சென்னைக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

மற்ற பிள்ளைகள் கோயில் கோபுரத்தை எழுதினார்கள், சொந்த வீட்டை எழுதினார்கள். ஆசியா எழுதியது உம்மா கடைக்கு எதிரே கார் ஸ்டாண்டில் இருக்கிற கட்டண உடைமாற்றும் அறைகளைப் பற்றி. தமிழில் எழுதிக்கொண்டு வந்து, "சார், இத இங்கிலீஷ்ல ஆக்கித் தாங்க சார்" என்று நீட்டினாள்.

அவள் எழுதியிருந்தது இதுதான். ஒரே வரிசையில் அறைகள். கதவெல்லாம் கிழக்கே, வராந்தாவைப் பார்த்து. பின்சுவர் மேற்கே மலையைப் பார்த்து. அந்தச் சுவரில் தலைக்கு மேலே, காற்றுக்கு ஓட்டை விட்ட சிமென்ட் ஜாலி, அதற்கு நேர் கீழே துணி மாட்டுகிற கொக்கி. சீசனில் காற்று மேற்கேயிருந்துதான் அடிக்கும், சாரலும் அதோடுதான் வரும். ஜாலி வழியாக உள்ளே வந்து, மாட்டியிருக்கிற உலர்ந்த துணியை நனைத்துவிடும். ஒரு தடவை நனைந்தவள் அடுத்த தடவை துணியைக் கொக்கியில் மாட்ட மாட்டாள், கதவுக்கு மேலே போடுவாள். துணி கிடந்தால் கதவு சட்டத்தில் போய் உட்காராது, தாழ் போட முடியாது. அப்புறம் அக்காவோ அம்மாவோ வாசலில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். 'இந்தக் கட்டடத்துக்குக் கதவுகள் உண்டு. ஆனால் கதவு வேலையைப் பெண்கள் பார்க்கிறார்கள்' என்று எழுதி முடித்திருந்தாள்.

அந்தக் கடைசி இரண்டு வரியைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். இந்த மாதிரி ஒரு வரி நமக்கு ஏன் வரவில்லை? எத்தனை வருசமாக ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறோம், ஒரு கட்டடத்தையாவது இப்படிப் பார்த்திருக்கிறோமா? இந்தக் கேள்வி போதாதென்று இன்னொன்றும் இருந்தது. அந்த அறைகளை வரைந்ததே அவர்தான்.

ஆமாம், அவரேதான். கல்யாணத்துக்கு முன்னால், தனியாக அலுவலகம் போட்டபோது வந்த முதல் வேலை. கார் ஸ்டாண்டு சுந்தரபாண்டியன் அண்ணாச்சி நம்பிக் கொடுத்தார். விஜயசங்கருக்குச் சொந்த ஊர் புளியங்குடி. எலுமிச்சைக் கமிஷன் கடை வெயிலில் வளர்ந்த உடம்பு. இடத்தை அளக்கப் போனது பங்குனியில். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, சட்டை முதுகோடு ஒட்டியது. காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று அண்ணாச்சியிடம் கேட்டார். மேற்கே என்று அவர் கையைக் காட்டினார். அப்படியானால் மேற்கே ஜாலியைத் திற, வேர்வைக்குக் காற்று வரட்டும் என்று வரைந்து தள்ளிவிட்டார். குற்றாலத்தான் எவனாவது அப்படி வரைவானா? புளியங்குடிக்காரன்தான் வரைவான்.

இதை அவர் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை.

"இது வேண்டாம் ஆசியா," என்றார். "போயும் போயும் துணி மாத்துத ரூமையா எழுதுவாங்க? நம்ம கோபுரத்த எழுது."

"சாதாரணக் கட்டடம்னுதான சார் கேட்டிருக்காங்க? கோபுரம் சாதாரணமா சார்?"

"சொன்னாக் கேக்கணும்."

"எனக்கு நல்லாத் தெரிஞ்சது இதுதான் சார். அங்கனதான வளந்தேன்."

அவருக்கு இன்னும் கோபம் வந்தது. "சரி, வச்சுட்டுப் போ. இங்கிலீஷ்ல போட்டுத் தாரேன்," என்றார்.

போட்டுத்தான் கொடுத்தார். எப்படிப் போட்டார் என்பதல்லவா விஷயம்! இணையத்தில் தேடிப் பிடித்த பெரிய பெரிய வார்த்தைகளாகக் கொட்டினார். வெளி, ஒளி, பண்பாடு, மரபு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மாண்பு என்று முதல் பத்தியிலேயே மூச்சு முட்டியது. ஜாலி போயிற்று. கொக்கி போயிற்று. கதவு வேலை பார்க்கிற பெண்கள் இருந்த இடத்தில், இக்கட்டடம் சமூகத்தின் கண்ணாடி என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. படித்துப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. யாருக்கும் ஞாபகமும் இருக்காது. வேண்டுமென்றே செய்தாரா? தரம் உயர்த்துகிறேன் என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தக் கடைசி வரியை அழிக்கும்போது மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, அது அவருக்கே தெரிந்தது.

சனிக்கிழமை அதை வாங்கிக்கொண்டு ஆசியா நன்றி சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை மாலைக்குள் கல்லூரி இணையதளத்தில் ஏற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விஜயசங்கருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவள் எழுதியது பொய் என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நிம்மதியாக இருக்கலாம். சின்னப் பிள்ளைதானே, கதை விட்டிருப்பாள். மனைவி மீனாவைக் கூப்பிட்டார். "குற்றாலம் போவமா? சாரல் நல்லா இருக்காம்."

மீனாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏங்க, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? கூப்பிட்டாலும் வரமாட்டியளே!"

ஐந்தருவியில் கூட்டம். மீனா ஆசை தீரக் குளித்தாள். பிறகு அவரே அவளைக் கார் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இங்கன மாத்திக்க, நல்ல ரூமு" என்று காட்டினார். வராந்தாவுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். எதிரே மரத்தடியில் நின்றார். மலையிலிருந்து சாரல் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. நைட்டிக் கடையில் உம்மா மட்டும்தான் இருந்தாள், ஆசியா இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அங்கிருந்தே தெரிந்தது. ஒரு கதவும் முழுசாய்ச் சாத்தியிருக்கவில்லை. ஒவ்வொரு கதவின் மேலும் பாவாடையும் சுடிதாரும் கிடந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றாள். மதுரைப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, புதுசாய்க் கல்யாணமான பெண் ஒருத்தி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒருத்தி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பிள்ளை ஒரு சொல்லைக்கூடக் கூட்டி எழுதவில்லை.

மீனாவுக்குத் துண்டு பிடிக்க யாரும் இல்லை. கொக்கியில்தான் மாட்டியிருக்கிறாள். சேலையில் பாதி ஈரத்தோடு வெளியே வந்தாள், முகமெல்லாம் கடுகடுப்பு.

"இத எந்த மூதேவி வரைஞ்சான்? உள்ளயும் மழ பெய்யுது! பொம்பளைகள மனசுல வச்சா கெட்டிருக்கான்? ஒரு நாளாவது அவன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து பாத்திருக்கணும்."

"இப்பதான் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றார் விஜயசங்கர்.

மீனா அவரைப் பார்த்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் இலஞ்சி தாண்டுகிறவரை சிரிக்கவில்லை, அதற்கப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல் இப்போது இரண்டு மடங்காகியிருந்தது. கட்டடம் நம்முடையது, தப்பும் நம்முடையது, அதைக் கண்டுபிடிக்கிற கண் மட்டும் அவளுக்கா? ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் தமிழில் எழுதியதை எடுத்தார். வரிக்கு வரி, அவள் எழுதிய மாதிரியே, சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாகப் போட்டார். கதவு வேலையைப் பெண்கள் பார்க்கிறார்கள் என்று எழுதும்போது பேனாவை வீசி எறியலாம் போல இருந்தது. எழுதினார்.

திங்கள் காலையில் போன் பண்ணி ஆசியாவை வரச் சொன்னார். வந்தாள்.

"நான் குடுத்தது சரியில்ல," என்றார். எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும். "இதப் போடு. ஏத்திரலையே?"

ஆசியா நின்று நெளிந்தாள். "ஏத்திட்டேன் சார். நேத்தே."

அவருக்கு உயிரே போய்விட்டது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே! "எதட்டி ஏத்துன? நான் எழுதுனதையா?"

"இல்ல சார். கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்க இங்கிலீஷ் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல நம்ம கட்டடத்தக் காணோம் சார். அதான், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நானே எழுதி ஏத்திட்டேன். தப்பெல்லாம் நெறைய இருக்கும்."

உயிர் திரும்பி வந்தது. கூடவே மானம் போயிற்று. இந்தப் பிள்ளையைக் கெடுக்கவும் அவரால் முடியவில்லை, காப்பாற்றவும் முடியவில்லை. அவர் தேவையே இல்லாமல் அவள் பாட்டுக்கு நடந்திருக்கிறாள். அப்போதுதான் இன்னொரு வார்த்தை காதில் உறைத்தது.

"நம்ம கட்டடமா? அதென்ன நம்ம?"

"நீங்கதான சார் வரைஞ்சது? பாண்டியன் அண்ணாச்சி சொன்னாரு. நான் எட்டாவது படிக்கையிலயே கேட்டேன், இத யாரு அண்ணாச்சி கெட்டுனதுன்னு. கெட்டுனது கொத்தனாரு, வரைஞ்சது தென்காசில விஜயசங்கர்னு ஒருத்தருன்னாரு. கட்டடத்த ஒரு ஆள் மொதல்ல வரையணும்னே எனக்கு அப்பதான் சார் தெரியும். அதான் தேடி வந்து ஒங்க கிளாஸ்ல சேந்தேன்."

விஜயசங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்தை யார் வரைந்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கிறது. அந்த ஆளைத்தான் அவர் கவிழ்க்கப் பார்த்தார்.

"அப்ப ஏன் என் பேர எழுதல?"

"எழுதுனா ஒங்களக் கொறை சொன்ன மாதிரி ஆயிரும்லா சார்."

வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் பொறாமை கரைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் பொறாமைப்பட்டதில்லை போலிருக்கிறது. அது அங்கேயேதான் இருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, அந்த அறையை நாலு கோட்டில் போட்டார். மேற்கே ஜாலி, கிழக்கே கதவு. பென்சிலை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே சொல்லு. இத எப்படிச் சரி பண்ணலாம்? கொக்கிய எங்கன வைக்கலாம்? காத்தும் வரணும், சாரலும் வரக் கூடாது."

ஆசியா பென்சிலைக் கையில் எடுத்தாள். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம்கூட வெட்கப்படாமல் சிரித்தாள்.

"தெரியல சார். அதுக்குத்தான படிக்கப் போறேன்!"

படிக்கப் போறேன். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! விஜயசங்கர் வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் சொல்லக் கிடைக்காத வார்த்தை அது.

"போ தாயி," என்றார். "போய்ப் படி."