முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்

மெத்தைக் கடைக்காரர் இந்த உலகத்தில் நம்பியது இரண்டைத்தான். ஒன்று அளவு நாடா, இன்னொன்று கையில் எண்ணி வாங்கிய ரொக்கம். ஆனால் ஜனங்கள் மாறிவிட்டார்கள். கடைக்கு வந்து மெத்தையை அமுக்கிப் பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை. கட்டில் அளவைப் போனில் அனுப்புகிறார்கள், பணத்தையும் போனிலேயே போட்டுவிட்டு, போட்டதற்கு ஒரு படம் அனுப்புகிறார்கள். அந்தப் போன் சமாசாரம் முழுக்க அவருடைய தங்கச்சியின் பொறுப்பு. கட்டினவன் போய்ச் சேர்ந்த பிறகு பதினோரு வருடமாக அவள்தான் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பணம் போட்ட படம் வந்ததும் முதலில் அந்த ஆளுக்கே ஒரு செய்தி எழுதுவாள்: பில் நம்பர், தேதி, நீளம், அகலம், கனம், உறைத் துணியின் நிறம். அனுப்பிவிட்டு, பணம் போட்ட படமும் தான் எழுதியதும் சேர்ந்து தெரிகிற மாதிரி திரையை அப்படியே படமாகப் பிடித்துக்கொள்வாள்.

"எதுக்குடி இந்தக் கூத்து? அதான் அவன் அனுப்புனது அங்கேயே கெடக்குதே" என்பார் அண்ணன்.

"கெடக்காதுண்ணே. ஆளுங்க எழுதிக்கிட்டே இருக்காங்க, மேல போயிடும். அப்புறம் மாசக் கடைசில தேடினா விரல் தேஞ்சு போகும். வெறும் படம் புடிச்சாலும் பிரயோஜனமில்ல, போன்ல 'இன்று'ன்னுதான் காட்டும். எந்த இன்றுன்னு யாருக்குத் தெரியும்? தேதிய நானே எழுதி வச்சாத்தான் உண்டு."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பா" என்று அவர் பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போவார்.

மாதக் கடைசியில் அவள் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு நோட்டில் ஏற்றுவாள். பணம் வராமல் ஸ்பாஞ்சில் கத்தி வைப்பதில்லை என்பது கடையின் சட்டம். அதனால் பில் இருந்தால் பணம் வந்த கணக்கும் இருந்தாக வேண்டும்.

அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அவள் சாப்பிடப் போயிருந்தாள். உறைத் துணி கேட்ட ஒரு அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பக் கடைக்காரப் பெரியவர் போனைத் தூக்கினார். இடமில்லை, நிறைந்துவிட்டது என்றது போன். உள்ளே போய்ப் பார்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள், எல்லாம் ஒரே மாதிரி, பொடி எழுத்து. சாட்டில் இருப்பதே இங்கேயும் இருக்கிறதே, குப்பை என்று நினைத்தார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கு. அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் கடை, தன் போன்.

முப்பதாம் தேதி, மாதக் கணக்குப் பார்க்க வரும் கணக்கர் நோட்டைப் புரட்டிவிட்டு, "பல் டாக்டர் பில்லு பதினெட்டாயிரம், மெத்தை போயிருக்கு. பணம் எங்கங்க?" என்று கேட்டார்.

"போன்ல போட்டாருண்ணே. படம் வந்துச்சு, நான் புடிச்சு வச்சேன்" என்றாள் தங்கச்சி.

"எங்க, காட்டு" என்றார் பெரியவர்.

அவள் போனைத் தடவினாள். மற்ற ஆட்களுடையதை எல்லாம் படங்களைப் பார்த்து ஏற்கெனவே நோட்டில் ஏற்றிவிட்டிருந்தாள், டாக்டருடையது மட்டும்தான் பாக்கி. டாக்டர் சாட்டில் ஒன்றுமே இல்லை. "இந்த மனுசன் ஏழு நாள்ல தானா மறையற மாதிரி வச்சிருக்காரு. அதனாலதான் அன்னிக்கே புடிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தாள். ஒரு படமும் இல்லை, இன்னும் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

 நான்தான் அழித்தேன் என்று சொல்லிவிடப் பெரியவர் வாயெடுத்தார். ஆனால் சொன்னால், அதையே சாக்காக வைத்துத் தப்பித்துக்கொள்வாள் என்று பாழாய்ப்போன புத்தி இன்னொரு பக்கம் இழுத்தது. பாஸ்புக்கை விரித்து வரி வரியாக விரலை ஓட்டினார். டாக்டர் பேரில் ஒரு காசு வரவில்லை.

"டாக்டரையே ஒரு போன் போட்டுக் கேளுண்ணே" என்றாள் மெதுவாக.

"நல்லாருக்கே! பணம் குடுத்தியா இல்லியான்னு ஊரெல்லாம் கேட்டுக் கடை மானத்தக் கப்பலேத்தவா? ரொக்கமா வாங்குனியா, சொல்லு. அவசரம்னு எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லு. அண்ணன்தானே."

கணக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சி எழுந்து போனைக் கல்லாமேல் வைத்தாள். ஸ்டூலில் விரித்திருந்த தன் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இரண்டு நாளில் திரும்பி வருவாள் என்று பெரியவர் கணக்குப் போட்டார். வரவில்லை. பத்தாம் நாள், சலவைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கணக்கர் சொன்னார். "போகட்டும், எத்தன நாளைக்கு" என்றார் பெரியவர்.

அதற்கப்புறம் அவரே படம் பிடித்தார். மாத முடிவில் எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் 'இன்று', 'இன்று', 'இன்று'. பணம் போட்ட பேர் ஒன்று, மெத்தை கேட்ட பேர் வேறொன்று. எது எதற்கு என்று அவருக்கே புரியவில்லை. ஒரு வீட்டுக்கு ஆறு அங்குலத்துக்குப் பதில் நாலு அங்குலம் போய், மெத்தை திரும்பி வந்தது.

நாற்பதாவது நாளோ என்னவோ, பல் டாக்டர் தலையணை வாங்க நேரிலேயே வந்தார்.

"உங்க தங்கச்சி இல்லீங்களா? கெட்டிக்காரம்மா. அன்னிக்குப் பணத்த என் மாமியார் கணக்குலேருந்து போட்டேன். யார் பேருன்னு கேட்டு அதையும் எழுதிக்கிட்டாங்க."

பெரியவர் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.  டாக்டர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பாஸ்புக்கை எடுத்தார். இருந்தது. அவர் ஏற்கெனவே விரல் ஓட்டிக் கடந்து போன வரிதான். யாரோ ஒரு பொம்பளை பேர், பதினெட்டாயிரம், பில்லில் இருந்த அதே தேதி.

பாஸ்புக்கோடு அவள் குடியிருந்த மாடிக்கு ஏறினார். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சலவைச் சோடாத் தண்ணீரில் வெளுத்து வெடித்திருந்தது.

"பணம் வந்திருக்கும்மா. மாமியார் பேருல. நான்தான் கவனிக்கல."

"தெரியும்ணே" என்றாள். பாஸ்புக்கை வாங்கிப் பார்க்கவில்லை.

"வேற ஒன்னும் சொல்லணும். அந்தப் படமெல்லாம்..."

"நீதான் அழிச்சே."

பெரியவர் பாஸ்புக்கை மூடினார்.

"அழிச்ச படம் உடனே போயிடாதுண்ணே. போன்லயே ஒரு குப்பைத் தொட்டி இருக்கு, முப்பது நாள் அதுலயே கெடக்கும். நான் அன்னிக்கே திறந்து பார்த்தேன். முந்நூத்துப் பன்னெண்டும் இருந்துச்சு. டாக்டரோடதும் இருந்துச்சு."

"அடிப்பாவி. எடுத்து மூஞ்சில விட்டெறிஞ்சிருக்கலாமே!"

"எறிஞ்சிருப்பேன். நீ பக்கத்துல நிக்கிற. அழிச்சது நான்தான்னு நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லல. சரி, அழிச்சதையாவது விடு, படம் இல்லாட்டி என்ன, என் வாய்ச்சொல்ல நம்புவேன்னு பார்த்தேன்." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "அப்புறமும் முப்பது நாள் இருந்துச்சுல்ல. ஒரு நாள் நீயா வருவேன்னு நெனச்சேன்."

"இப்ப வந்துட்டேனேம்மா."

"இப்ப டாக்டர் சொல்லி வந்திருக்கே."

 அவர் அறுபத்தெட்டு வருடமாக யாரையும் நம்பாமல் ஒரு காசு ஏமாறாமல் வாழ்ந்தவர். அந்தப் பெருமையை அந்த மாடியில் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நாளைக்கு வருவியா?"

"காலைல ஏழு மணிக்கே துணி எண்ணணும்ணே. அங்க போய்ட்டு வந்தா உடம்பு கேக்கல."

"அந்த ஸ்டூல யாரும் தொடலம்மா."

"யாராவது ஒரு பொண்ணா பார்த்து வச்சுக்க. தேதி எழுதச் சொல்லு, இல்லாட்டி எல்லாம் ஒன்னாயிடும். பணம் யார் பேர்ல வருதுன்னு கேக்கச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவ சொன்னா நம்பு."

பெரியவர் தலையாட்டினார். பாஸ்புக்கைச் சட்டைப் பையில் வைக்கப் போனார், உள்ளே போகவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் கால் தடுமாறியது. மேலேயிருந்து, "பார்த்துண்ணே, அந்தப் படி ஒடஞ்சிருக்கு" என்று குரல் வந்தது. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். அவள் இறங்கி வரவில்லை.