தென்றல் போட மறுத்த பிளீச்

தென்றலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றால், முதலில் என்னைப் பற்றிக் கெட்டதாக இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைக்குள் வந்த ஒருவர் காரியம் ஆகாமல் திரும்பிப் போனால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. திருவண்ணாமலையில் பதினொரு வருடமாகப் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். கீதாஞ்சலி என்று என் பெயரைச் சொன்னால் கல்யாண வீடுகளில் தெரியும்.

தென்றல் என்னிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இருபத்தாறு வயது. அடி அண்ணாமலையிலிருந்து வருகிறாள். அங்கிருந்து என் கடைக்கு நன்றாக ஒரு மணி நேர நடை. பஸ் ஏறாமல், ஆட்டோ ஏறாமல் தினமும் நடந்தேதான் வருவாள், நடந்தேதான் போவாள். சரியான கஞ்சம் என்று நானே அவள் முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே போவாள்.

காலையில் அவள் செய்யும் முதல் வேலை எனக்குக் கழுத்தில் கறுப்பை மறைக்கிற கன்சீலர் பூசிவிடுவது. என் பின்கழுத்து ஆறேழு வருடமாகக் கறுத்துக் கிடக்கிறது. கல்லாவில் உட்காருகிற இடத்தில் முதுகுப் பக்கம் வெயில் அடிக்கும், அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் நிறம் கொடுக்கிறவள் கறுத்த கழுத்தோடு உட்கார்ந்திருந்தால் யார் கடைக்கு வருவார்கள்?

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து பொன்னி என்கிற அம்மா தன் மகள் ஆர்த்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நிலக்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். ஆர்த்தி பி.காம் முடித்தவள், லட்சணமான பெண், கொஞ்சம் பூசின உடம்பு. ஆவணி நடுவில் கல்யாணம். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை, பெண்ணுக்குக் கழுத்து மட்டும் ஏன் அழுக்காக இருக்கிறது, தேய்த்துக் குளிக்க மாட்டாளா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அன்றிலிருந்து பொன்னி தினமும் பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சம்பழமும் வைத்துத் தேய்த்திருக்கிறாள். ஆர்த்தி துப்பட்டாவை எடுத்தபோது எனக்கே மனசு பதறிவிட்டது. கறுப்பு அப்படியே இருந்தது, அதன்மேல் தோல் கிழிந்து சிவந்திருந்தது.

கிழிந்தது ஆறட்டும், பிறகு கழுத்துக்கும் அக்குளுக்கும் சேர்த்து நாலு தடவை பிளீச் போட்டால் சரியாகிவிடும் என்று நான் தேதி குறிக்க ஆரம்பித்தேன். தென்றல் ஆர்த்தியின் பின்னால் போய் நின்று, கிழியாத இடத்தில் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொல்லி அக்குளையும் பார்த்தாள். பிறகு மாத விலக்கு சரியாக வருகிறதா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றாள் ஆர்த்தி. அவள் அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையாம்.

"இது அழுக்கு இல்லீங்கம்மா, வெயிலும் இல்ல," என்றாள் தென்றல். "தொட்டுப் பாருங்க, வெல்வெட் துணி மாதிரி தடிச்சிருக்கு. உள்ள இருந்து வர்றது. நான் பிளீச் போட மாட்டேன். போட்டா தோலு எரியும், கறுப்பு போவாது. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டி சுகர் பாருங்க."

பொன்னியின் முகம் செத்துவிட்டது. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குச் சர்க்கரை என்று ஒரு வார்த்தை வெளியே கசிந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் தென்றலைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினேன். நீ என்ன டாக்டரா, வந்த கல்யாண வேலையைக் கெடுத்துவிட்டாயே என்று கத்தினேன். ஆனால் ஆர்த்தி போகிற போக்கில் தென்றலிடம் போன் நம்பர் வாங்கியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆர்த்தி அம்மாவிடம் அடம்பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நடுவில் பௌர்ணமி வந்தது. அதற்கு மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பொன்னி ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு என் கடைப் படி ஏறினாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது, நூறைத் தாண்டக் கூடாதாம்.

அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். உன் கருநாக்கால்தான் என் பெண்ணுக்குச் சர்க்கரை வந்தது என்று தென்றலைப் பார்த்துக் கத்தினாள். ஆர்த்தி வாசலிலேயே சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று தென்றலிடம் சொல்ல வாய் எடுத்தேன்.

அவள் அந்தக் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நேத்து ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி பொண்ணு இன்னா சாப்டுச்சு?"

ஒன்றுமே சாப்பிடவில்லை, பௌர்ணமி விரதம் என்றாள் பொன்னி. கல்யாணம் நல்லபடியாக முடிய அம்மாவும் மகளும் மாதாமாதம் விரதம் இருந்து கிரிவலம் வருகிறார்களாம். எப்படியும் அன்று விரதம்தானே, வெறும் வயிறுதானே, ஒரே அலைச்சலில் இரண்டு காரியமும் முடிந்துவிடும் என்று அந்த நாளாகப் பார்த்து லேபுக்கு வந்திருக்கிறாள்.

"விரதத்துக்கு இன்னா குடுத்தீங்க?"

"விரதத்துக்கு உண்டானதுதான். ஒரு சொம்பு பாலு, நாட்டுச் சக்கர போட்டு. ரெண்டு வாழப்பழம். சோறு கண்ணால பாக்கல."

எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். சாமிக்கு அது விரதம்தான். லேபுக்காரனுக்கு அது சாப்பாடு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே அந்தச் சந்தேகம் வரவில்லை, இவளுக்கு வந்ததே என்று முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தேன். வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன்.

இந்த அளவு கணக்கில் சேராது, ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் காலை வரை தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் போய்த் திரும்பக் கொடுங்கள் என்று தென்றல் சொன்னாள். பொன்னி நம்பாமல் நின்றாள். அப்போது தென்றல் தன் போனைத் திறந்து ஒரு படத்தை எடுத்து ஆர்த்தியிடம் நீட்டினாள். நாங்களும் எட்டிப் பார்த்தோம். குண்டான ஒரு பெண்ணின் பின்கழுத்து, ஆர்த்தியுடையதைவிட இரண்டு மடங்கு கறுப்பு.

"இது நான்தான், நாலு வருஷத்துக்கு முன்னாடி," என்றாள். "எங்கப்பாக்கு சுகர்ல ஒரு கால் விரல எடுத்தாங்க. ஆஸ்பத்திரில அவருக்குத் தொணைக்கு இருந்தப்ப, அந்த டாக்டர் அவர் காலப் பாத்துட்டு என் கழுத்தையும் பாத்தாரு. அன்னையிலேர்ந்து நடக்கறேன்."

அவள் நடந்து வந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கஞ்சம் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துக்கு வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் விடியற்காலையில் தென்றலே லேப் வாசலுக்குப் போய் நின்று, பெண் வாயில் எதுவும் போடவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே அனுப்பினாள். வெறும் வயிற்றில் நூற்று ஒன்பது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி ஆறு. டாக்டர் சொன்னதை ஆர்த்தி கடைக்கு வந்து எங்களிடம் திரும்பச் சொன்னாள். இது சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தின படி. உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் ஜாஸ்தியாகச் சுரந்து சமாளிக்கிறது. அப்படி மிஞ்சுகிற இன்சுலின், மடிப்புகளில் இருக்கிற தோலை வேகமாக வளரவைத்துத் தடிக்கவும் கறுக்கவும் செய்கிறது. சில பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்னாலேயே கழுத்து சொல்லிவிடுமாம். எடை குறைந்து உடம்பு ஒழுங்குக்கு வந்தால் கறுப்பும் மெல்ல மெல்ல மங்கும், தேய்த்தால் புண்தான் மிச்சம். மாத விலக்குக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்.

இதை மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடக்கூடாது என்றாள் பொன்னி. ஆர்த்திக்கு இருந்த தைரியத்தைச் சொல்ல வேண்டும். அன்று மாலையே அவள் மாப்பிள்ளை மாறனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன், தன் அப்பாவும் மாத்திரை போடுகிறவர்தான், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே நடக்கலாம் என்றானாம். மறுநாள் பொன்னி கடைக்கு வந்து இதைச் சொல்லி, தென்றலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் ஆர்த்திக்குத் தென்றல்தான் மேக்கப் போட்டாள். ஒன்றரை மாதத்தில் கழுத்து பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. புண் ஆறியிருந்தது, நாலு கிலோ குறைந்திருந்தாள். பின்கழுத்து இறக்கமான ரவிக்கையைத்தான் போடுவேன் என்று ஆர்த்தி பிடிவாதமாகப் போட்டுக்கொண்டாள். லேசாகப் பூசினால் போதும், மறைக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அவள் நிமிர்ந்து மணமேடைக்குப் போனதைப் பார்த்தபோது, அந்த மண்டபத்திலேயே அழகு அவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

அலங்கார அறையில் நானும் தென்றலும் மட்டும் இருந்தோம். கண்ணாடியில் என் கழுத்து தெரிந்தது. வேர்வையில் கன்சீலர் கரைந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. ஊரார் வீட்டுப் பெண்ணுக்கு ஒரே நாளில் சொன்னாயே, இரண்டு வருடமாக என் கழுத்தில் பூசுகிறாயே, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மூணு வாட்டி சொன்னேங்க்கா. மூணு வாட்டியும் வெயில்னு சொல்லிட்டீங்க."

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு லேபுக்குப் போனேன், காபிகூடக் குடிக்காமல். நூற்று எழுபத்தொன்று. டாக்டர் நம்பாமல் இன்னொரு நாளும் எடுத்துப் பார்த்தார், மூன்று மாதச் சராசரியும் பார்த்தார். ஏழு புள்ளி ஒன்பது. ஆர்த்தி நின்ற படியை நான் எப்போதோ தாண்டியிருக்கிறேன். அவளுக்கு மாத்திரை இல்லை, எனக்கு உண்டு. முதல் தடவை சொன்னபோதே கேட்டிருந்தால் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டேனோ என்னவோ. அதை நினைத்து இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் தென்றலுக்குப் போன் செய்தேன்.

"காத்தால எத்தன மணிக்குக் கெளம்புவ?"

"ஏழு மணிக்குக்கா."

"பாதி வழியில நிக்கறேன். என்ன விட்டுட்டுப் போயிடாத."

அவள் விட்டுவிட்டுப் போகவில்லை. முதல் நாள் ஒரு கிலோமீட்டருக்கே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் நாலு அடி முன்னால் போய்விட்டு, நான் வந்து சேரும்வரை நின்றாள்.